சாதியை, மதத்தைச் சொல்லிப் பேசினால் புகாரில் என்ன எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. சம்பள பாக்கி, பி.எஃப். மனுக்களோடு இந்த வகைப் புகார்களும் வரும். திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக்கும் இந்தியச் சட்டங்களுக்கும் பொருந்துவது.

ஆபீஸ்ல ஒருத்தர் சாதியைச் சொல்லி ஒரு வார்த்தை விட்டுட்டார். முதல்ல நான் என்ன செய்யணும்?

அன்று இரவு தூங்கப் போவதற்குள் எழுதி வைத்துவிடுங்கள். புகாராக எழுத வேண்டாம், குறிப்பாக எழுதினால் போதும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், அவர் எங்கே இருந்தார், நீங்கள் எங்கே இருந்தீர்கள், சுற்றி யார் யார், அதற்கு முன் என்ன பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், அப்புறம் என்ன ஆனது என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

அவர் பேசிய வார்த்தையைப் பேசிய மாதிரியே எழுத வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். பேச்சுத் தமிழில் சொன்னால் பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். மனுவுக்காக அதைத் திருத்திச் செந்தமிழ் ஆக்கினால் அது உங்கள் வாக்கியமாகிவிடும். ஒரு சொல் சரியாக நினைவில்லை என்றால் “இந்த இடத்தில் ஒரு சொல் சரியாகக் கேட்கவில்லை” என்று எழுதுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் மற்ற வரிகளை நம்பத் தோன்றும்.

சாதி வெறியிலதான் சொன்னார்னு எல்லாருக்கும் தெரியும். அதை எழுதக் கூடாதா?

எழுதாதீர்கள். ஏன் என்பதற்கு ஒரு சம்பவம் வைத்துக்கொள்வோம், பெயர்கள் கற்பனைதான். செல்வி ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்தபோது சீனியர் முருகேசன் ஏதோ சொல்லிவிட்டார். செல்வி முதலில் எழுதிக்கொண்டு வந்தது இப்படி:

“என் வளர்ச்சியைப் பொறுக்க முடியாமல் பொறாமை கொண்ட முருகேசன், சாதி வெறியுடன், என்னை அவமானப்படுத்த வேண்டும் என்ற திட்டத்தோடு, பலர் முன்னிலையில் என் சாதியைச் சொல்லித் தகாத வார்த்தைகளால் திட்டினார்.”

இதில் விசாரணை அதிகாரி சரிபார்க்கக்கூடிய விஷயம் என்ன இருக்கிறது? பொறாமையைச் சரிபார்க்க முடியாது. வெறியை, திட்டத்தைச் சரிபார்க்க முடியாது. “பலர்” யார் என்று தெரியவில்லை. “தகாத வார்த்தை” என்ன என்றும் தெரியவில்லை. முருகேசன் செய்ய வேண்டியதெல்லாம், “எனக்குப் பொறாமையே கிடையாது சார், போன வருஷம் இந்தப் பொண்ணுக்கு இன்கிரிமென்ட் சிபாரிசு பண்ணினதே நான்தான்” என்று ஒரு கடிதத்தை நீட்டுவதுதான். அதோடு விசாரணை பொறாமை இருந்ததா இல்லையா என்ற பக்கம் போய்விடும். கேன்டீனில் என்ன பேசினார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

திருத்தி எழுதியது இது:

“12.06.2025 வியாழக்கிழமை மதியம் சுமார் 1.10 மணிக்குக் கேன்டீனில் ஜன்னலோரத்து இரண்டாவது மேசையில் உட்கார்ந்து என் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன். கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தேன். எதிர் நாற்காலியில் இருந்த திரு. முருகேசன் எழுந்து நின்று, ‘இதுக்குத்தான் இந்த (சாதிப் பெயர்) பொம்பளைங்க கூட ஒண்ணா உக்காரக் கூடாதுங்கறது’ என்று சத்தமாகச் சொன்னார். தன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். என் மேசையில் லதாவும் ரமேஷும் இருந்தார்கள். பரிமாறும் இடத்தில் கேன்டீன் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். நான் பதில் சொல்லவில்லை. 1.30 மணிக்கு மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். ‘நாளைக்குப் பேசிக்கலாம்’ என்றார்.”

இரண்டாவதில் எங்குமே வெறி என்ற சொல் இல்லை. ஆனால் படிப்பவருக்கு எதுவும் மிச்சமில்லாமல் புரிகிறது. எழுந்து நின்றது, சத்தமாகச் சொன்னது, தட்டை எடுத்துக்கொண்டு போனது எல்லாம் கண்ணால் பார்த்தவை. அவர் நோக்கம் என்ன என்று இவற்றிலிருந்து முடிவுக்கு வரவேண்டியது விசாரிப்பவர். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதுகாப்புத் தரும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஆர்) இழிவுபடுத்தும் நோக்கத்தைக் கேட்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த நோக்கம் சொன்ன வார்த்தையிலும் நடந்த சூழலிலும் தெரிய வேண்டும். “நோக்கத்தோடு சொன்னார்” என்று நாம் ஒரு வரி சேர்ப்பதால் அது வந்துவிடாது.

கெட்ட வார்த்தையை எப்படிங்க அப்படியே எழுதறது? கூச்சமா இருக்கு.

கூச்சம் எல்லோருக்கும் உண்டு. “சாதிப் பெயரைச் சொல்லித் தகாத வார்த்தைகளால் திட்டினார்” என்ற வரி நம் ஊர் மனுக்களில் தேய்ந்து போனதற்கும் அந்தக் கூச்சம்தான் காரணம். எழுதிக் கொடுப்பவர்களும் பழைய மனுவைப் பார்த்து அப்படியே இறக்கிவிடுகிறார்கள்.

பிரிவு 3(1)(எஸ்) என்பதே பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது பற்றியது. என்ன பெயரைச் சொன்னார் என்பதே புகாரில் இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அங்கேதான் கை வைப்பார். மேலே நான் அடைப்புக்குறிக்குள் (சாதிப் பெயர்) என்று விட்டது இது எல்லோரும் படிக்கிற பக்கம் என்பதால். உங்கள் புகாரில் அப்படி விடாதீர்கள், புள்ளி வைத்தும் மறைக்காதீர்கள். எழுத முடியவில்லை என்றால் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சாதிப் பேரே சொல்லலை. “கோட்டாவுல வந்தவங்க கிட்ட இதுக்கு மேல எதிர்பார்க்க முடியாது”ன்னார். இதுக்குப் புகார் உண்டா?

அலுவலகத்துக்குள் உண்டு. காவல் நிலையத்தில் 3(1)(எஸ்) நிற்பது கஷ்டம், ஏனென்றால் சாதிப் பெயர் வரவில்லை. 3(1)(ஆர்) பற்றி வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். இந்த மாதிரி சுற்றிவளைத்த பேச்சுக்கு முன்னும் பின்னும் உள்ள பேச்சையும் எழுத வேண்டும். எந்த வேலையைப் பற்றிப் பேசும்போது சொன்னார்? அதே தவறை வேறொருவர் செய்தபோது என்ன சொன்னார்? “நீங்க என்ன ஆளுங்க?”, “ஊர்ல எந்தத் தெரு?” என்று முன்பு கேட்டதுண்டா? உண்டென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி, தனி வரி. “எப்போதும் இப்படித்தான் பேசுவார்” என்று ஒரே வரியில் முடித்தால் எந்த நாளையும் விசாரிக்க முடியாது.

இன்னொன்றும் அவசியம் எழுத வேண்டும். உங்கள் சாதி அவருக்கு எப்படித் தெரியும்? ஒரே ஊர்க்காரரா, வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவரா, உங்கள் சான்றிதழைச் சரிபார்த்தவரா? பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் உங்களையோ உங்கள் குடும்பத்தையோ நேரில் அறிந்தவர் என்றால், உங்கள் சாதி அவருக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். 2016 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் இது, பிரிவு 8-இல் இருக்கிறது.

ரூமுக்குள்ள நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம். பிசிஆர் கேஸ் நிக்குமா?

ஊரில் எல்லோரும் பிசிஆர் கேஸ் என்றுதான் சொல்வார்கள். அது தீண்டாமைக்கு எதிரான 1955-ஆம் வருடத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் சுருக்கப் பெயர். நாம் பேசுவது 1989-ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதில் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) இரண்டு பிரிவுகளுக்கும் “பொதுமக்கள் பார்வையில் படும் இடம்” என்ற நிபந்தனை உண்டு.

திருச்சி மாவட்டத்தில் நடந்த ஒரு வழக்கில் 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பட்டா சம்பந்தமாக மனு கொடுத்திருந்த ஒருவர் வருவாய் ஆய்வாளரின் அலுவலகத்துக்குப் போய், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார் என்பது குற்றச்சாட்டு. சக ஊழியர்கள் வந்து சமாதானப்படுத்தினார்கள். ஆனால் அவர்கள் வந்தது திட்டியதற்குப் பிறகு. நான்கு சுவருக்குள், பொதுமக்கள் யாரும் இல்லாத நேரத்தில் நடந்தது என்பதால் வழக்கை ரத்து செய்துவிட்டார்கள். திட்டவே இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதனால் ஆட்கள் எப்போது வந்தார்கள் என்பதை வரிசையாக எழுத வேண்டும். வார்த்தை வந்தபோது இருந்தவர்கள் யார், சத்தம் கேட்டு வந்தவர்கள் யார், கதவு திறந்திருந்ததா, வராந்தாவில் யாராவது நின்றார்களா என்பதெல்லாம் வர வேண்டும். கட்டடத்துக்கு உள்ளேயே என்றாலும் உறவினர், நண்பர் அல்லாத வெளியாட்கள் இருந்தால் அது பொதுமக்கள் பார்வைதான் என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. செல்வியின் புகாரில் கேன்டீன் ஒப்பந்தக்காரரின் ஆட்களைச் சேர்த்தது அதற்காகத்தான். டீ கொண்டுவந்த பையன், கூரியர்காரர், கையெழுத்துக்குக் காத்திருந்த ஆள் இவர்களையெல்லாம் நாம் சாட்சியாக நினைப்பதே இல்லை.

நிஜமாகவே இரண்டு பேர்தான் என்றால் இரண்டு பேர் என்றே எழுதுங்கள். இல்லாத ஆளைச் சேர்த்தால் அந்த ஆளே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டி வரும். அலுவலக ஒழுங்கு நடவடிக்கைக்குப் பொதுமக்கள் பார்வை என்ற நிபந்தனை கிடையாது.

கூட இருந்தவங்க யாரும் சாட்சி சொல்ல வரமாட்டேங்கறாங்க.

வரமாட்டார்கள், அதை எதிர்பார்த்தே எழுதுங்கள். “லதாவும் கேட்டார்” என்று எழுதாதீர்கள். “லதா என் வலப்பக்க நாற்காலியில் இருந்தார்” என்று எழுதுங்கள். கேட்டாரா என்பது லதா சொல்ல வேண்டியது. இருந்தார் என்பது நீங்கள் பார்த்தது. பிறகு லதா “எனக்கு எதுவும் கேக்கலை” என்று சொன்னாலும் உங்கள் புகாரில் பொய் இருக்காது. விசாரணையில் கேள்வி அவர் பக்கம் திரும்பும்: ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்காதது எப்படி?

போன்ல ரெக்கார்டு பண்ணியிருக்கேன், வாட்ஸாப் குரூப்லயும் போட்டிருக்கார். அது போதுமா?

உதவும், ஆனால் கெடுத்துவிடாமல் வைத்திருக்க வேண்டும். ஒலிப்பதிவை வெட்டாதீர்கள். மூன்று நிமிடத்தில் பத்து விநாடிதான் விஷயம் என்றாலும் முழுக் கோப்பும் அது பதிவான போனிலேயே இருக்கட்டும். வாட்ஸாப்பில் நண்பருக்கு அனுப்பியது நகல்தான். குரூப் செய்தி என்றால் ஸ்கிரீன்ஷாட்டில் குரூப் பெயர், அனுப்பியவரின் எண், தேதி, நேரம் தெரிய வேண்டும். மேலும் கீழும் உள்ள சில செய்திகளும் வரட்டும். கோபத்தில் குரூப்பை விட்டு வெளியேறுவதோ போனை மாற்றுவதோ கொஞ்சம் பொறுத்து.

நீதிமன்றத்தில் இதைச் சாட்சியமாகக் கொடுக்க, 2023-ஆம் வருடத்துப் புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டியது. அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். புகாரில் “இன்ன எண்ணுள்ள என் கைப்பேசியில் பதிவு இருக்கிறது, கேட்கும்போது ஒப்படைக்கிறேன்” என்று ஒரு வரி போதும்.

யார்கிட்ட கொடுக்கணும்? கம்பெனியில போஷ் கமிட்டி இருக்கு, அதுல கொடுக்கலாமா?

போஷ் கமிட்டி பாலியல் துன்புறுத்தலுக்கு மட்டும். சாதிப் பேச்சுக்கு அதில் அதிகாரம் இல்லை. பேச்சில் பாலியல் சீண்டலும் கலந்திருந்தால் அந்தப் பகுதியை அங்கே கொடுக்கலாம். மற்றபடி மனிதவளப் பிரிவுக்கு, அல்லது நிர்வாகிக்கு. நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் அலுவலக மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர் என்றால் துறைத் தலைவருக்கு.

பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் காவல் நிலையத்துக்கும் போகலாம். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம், ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டியதில்லை. நிலையத்தில் மனுவை வாங்கியதற்கு மட்டும் சி.எஸ்.ஆர். என்ற ரசீது கொடுத்து, “விசாரிச்சுட்டுக் கூப்பிடறோம்” என்பது வழக்கம். வன்கொடுமைச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தத்தில் 18-ஏ பிரிவு சொல்கிறது. மரியாதையாக அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பதியவில்லை என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். புலன்விசாரணை செய்ய வேண்டியவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. வன்கொடுமை தொடர்பான தேசிய உதவி எண் 14566.

காவல் நிலையப் புகாரில் உங்கள் சாதி, அது பட்டியலில் உள்ளது என்ற சான்றிதழின் நகல், எதிர்த்தரப்பு பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்ல என்பது மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்றால் “எனக்குத் தெரிந்தவரை” என்று எழுதுங்கள்.

நான் முஸ்லிம். “பாகிஸ்தானுக்குப் போ”ன்னு தினம் ஒரு தடவை சொல்றார். நாங்க பி.சி., எங்களுக்கு எந்தச் சட்டம்?

கேட்கச் சங்கடமான பதில்தான். ஜார்க்கண்டில் ஓர் அரசு அலுவலக உருது மொழிபெயர்ப்பாளரை ஒருவர் “மியான்-தியான்”, “பாகிஸ்தானி” என்று சொன்ன வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அது தரக்குறைவான பேச்சு, ஆனால் மத உணர்வைப் புண்படுத்தும் குற்றம் ஆகாது என்று முடித்துவிட்டது. பழைய தண்டனைச் சட்டத்தின் 298-ஆம் பிரிவு அது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 302.

ஆகவே பெரும்பாலும் உங்கள் பலம் அலுவலகப் புகாரில்தான் இருக்கிறது. “தினமும் சொல்கிறார்” என்பதை அங்கே நாட்களாகக் காட்ட வேண்டும். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில், அல்லது உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக, சொன்ன நாளில் சொன்ன வார்த்தையை எழுதுங்கள். மூன்று வாரத்தில் ஒன்பது பதிவு சேர்ந்தால் ஒன்பது என்று எழுதுங்கள். தினம் என்று எழுதிவிட்டு ஒன்பதைக் காட்டினால் அந்த வித்தியாசத்தையே பிடித்துக்கொள்வார்கள். மிரட்டலோ கைவைப்பதோ சேர்ந்தால் அது வேறு குற்றம், காவல் நிலையம் போகலாம்.

தலித் கிறிஸ்தவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. 1950-ஆம் வருடத்து ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டும். தமிழ்நாட்டில் மதம் மாறியவர்களுக்குப் பி.சி. சான்றிதழ்தான். திட்டுகிறவர் பழைய சாதியைச் சொல்லித்தான் திட்டுவார், சட்டம் சான்றிதழைப் பார்க்கும். நியாயமில்லைதான். ஆனாலும் சான்றிதழில் இருப்பதையே புகாரில் எழுதுங்கள்.

எட்டாவது படிக்கிற பொண்ணு வந்து “டீச்சர் எங்க சாதியைப் பத்திச் சொன்னாங்க”ன்னு அழுதா. எப்படி விசாரிக்கிறது?

முதல் கேள்வியிலேயே பதிலை ஊட்டிவிடாதீர்கள். “டீச்சர் உன்னைக் கேவலமாப் பேசினாங்களா?” என்று கேட்டால் பிள்ளை ஆமாம் என்றுதான் சொல்லும். “என்ன நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லு” என்று கேளுங்கள். நின்றால் “அப்புறம்?” அவ்வளவுதான். பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதி, “14-ஆம் தேதி மாலை 5 மணிக்கு என் மகள் என்னிடம் சொன்னது” என்று மேலே குறியுங்கள். நீங்கள் வகுப்பில் இல்லை. அதனால் “ஆசிரியர் சொன்னார்” என்று எழுதாமல் “ஆசிரியர் சொன்னதாக மகள் சொன்னாள்” என்று எழுதுங்கள். ஒரே பிள்ளையைத் தாத்தா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆளாளுக்குக் கேட்க விடாதீர்கள், ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் மாறும். வகுப்புத் தோழிகளை வரவழைத்து விசாரிப்பதும் வேண்டாம். யார் யார் அன்று வகுப்பில் இருந்தார்கள் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், நகல் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு. கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. அரசுப் பள்ளிகளில் “மாணவர் மனசு” பெட்டி உண்டு, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பெட்டியில் போட்டதற்கு ரசீது கிடையாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர்கள் மாணவரை நேராகவோ மறைமுகமாகவோ சாதியைக் குறித்து அழைக்கக் கூடாது, சாதிக்கு என்று சொல்லப்படும் குணங்களைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. “உங்க ஆளுங்களுக்குப் படிப்பு ஏறாது” என்ற வகைப் பேச்சு இதில் நேராக வருகிறது. பரிந்துரைதான், சட்டம் அல்ல. ஆனாலும் மனுவில் ஒரு வரி குறிப்பிட்டால் கல்வி அலுவலகத்தில் ஃபைல் கொஞ்சம் வேகமாக நகர்கிறது என்பது என் அனுபவம்.

நாலு மாசம் ஆச்சு. அன்னிக்கு எதுவும் எழுதி வைக்கலை.

இன்று எழுதுங்கள், இன்றைய தேதியே போடுங்கள். பழைய தேதி போட்டு நோட்டுப் புத்தகம் தயாரிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். ஒருமுறை எங்களிடம் வந்த ஒருவர் மூன்று மாதக் குறிப்பை ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே இரவில் எழுதியிருந்தார். பார்த்தவுடன் தெரிந்தது. சம்பவம் நடந்தது உண்மை, குறிப்புதான் பொய். குறிப்பு பொய் என்று தெரிந்தபின் சம்பவத்தை யார் நம்புவார்கள்?

தேதி நினைவில்லை என்றால் எதையாவது பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். “தீபாவளி போனஸ் போட்ட மறுநாள்”, “ஆடிட் நடந்த வாரம்” என்றால் அதை அலுவலகப் பதிவில் சரிபார்க்கலாம். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள். புரொபேஷன் முடியவில்லை, பயமாக இருந்தது என்றால் அதுதான் காரணம்.

கூப்பிட்டுக் கேட்டா “சும்மா ஜோக்குக்குத்தான் சொன்னேன்”ங்கறார். இதையும் எழுதணுமா?

கட்டாயம் எழுதுங்கள், எப்போது, யார் முன்னால் சொன்னார் என்பதோடு. பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எதிராளிக்குச் சாதகம் என்று நினைத்து. யோசித்துப் பாருங்கள், ஜோக் என்று சொன்னவர் அந்த வார்த்தையைச் சொன்னதாக ஒப்புக்கொண்டுவிட்டார். செல்வி விஷயத்தில் மேலாளர் மறுநாள் முருகேசனைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் முதலில் சொன்னது “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்று. பத்து நிமிடம் கழித்து, “கருவாட்டு வாசனைக்காக விளையாட்டாச் சொன்னேன் சார்.” செல்வி இரண்டையும் சொன்ன வரிசையிலேயே, நேரத்தோடு எழுதிக் கொடுத்தார்.